ஆவணி 22, செப்டம்பர் 8

கல்யாணப் பத்திரிகையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் படிப்பது பெயர்களைத்தான். இனிஷியல் சரியா, சித்தப்பா பெயர் பெரியப்பாவுக்கு மேலே போய்விட்டதா, படிப்பு போட்டாயிற்றா, இறந்துபோன தாத்தாவுக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ இருக்கிறதா. தேதியை யாரும் படிப்பதில்லை. அது மனசில் ஏற்கெனவே இருப்பதால், கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

என் அப்பா அச்சாபீஸ் வைத்திருந்தார். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மிஷின் ஒன்று, ஈய எழுத்து நிறைந்த மரக் கேஸ்கள், மண்ணெண்ணெய் வாசம். கம்போசிங் செய்ய ஓர் அண்ணன் இருந்தார். வெற்று அட்டைகளை அப்பா சிவகாசியிலிருந்து வாங்கி வருவார். பிள்ளையார், மயில், குத்துவிளக்கு எல்லாம் அதில் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். உள்ளே எழுத்து மட்டும் எங்களுடையது. வாக்கு எடுத்துப் படிக்கிற வேலை எனக்கு. அதாவது, வீட்டுக்காரர்கள் எழுதிக் கொடுத்த தாளை நான் சத்தம்போட்டு வாசிப்பேன், அப்பா புரூஃபைப் பார்த்துக்கொண்டே வருவார். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண் ஊரிலுள்ள எல்லா வீட்டுச் சொந்தபந்தமும் தெரிந்து வைத்திருந்தது அப்படித்தான்.

1994 ஆடி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஆடியில் யாரும் பத்திரிகை கொடுக்கமாட்டார்கள். ஆவணி ஒன்றாம் தேதி மஞ்சள் தடவிக் குலசாமி முன்னால் வைத்துவிட்டுக் கொடுக்கத் தொடங்குவார்கள். அதனால் ஆடிக் கடைசி வாரம் எங்களுக்குத் தூக்கம் கிடையாது. அந்த வருஷம் ஆவணி பிறப்பது புதன்கிழமை. திங்கள் காலையில் மிஷினில் ஏற்றினால்தான் செவ்வாய்க்கிழமை மை காய்ந்து, மடித்து, கவரில் போட்டுக் கொடுக்க முடியும். திங்கள் சுதந்திர தினம், கொடியேற்றி மிட்டாய் வாங்கியதும் நான் மடிக்க வந்துவிடுவேன் என்று ஏற்பாடு.

பக்கத்து ஊர்க் கல்யாணம், அறுநூறு பத்திரிகை. முதல் புரூஃப் சனிக்கிழமையே போய், பெண்ணின் தாய்மாமன் கையெழுத்துப் போட்டு வந்துவிட்டது. அவர் திருத்தியிருந்தது ஒன்றே ஒன்று. தன் பெயருக்குப் பின்னால் பி.ஏ. சேர்க்கச் சொல்லியிருந்தார்.

ஞாயிறு ராத்திரி சாப்பிட்டுவிட்டு அண்ணன் கோத்து வைத்த எழுத்தான மேட்டரை சேஸுக்குள் வைத்து முடுக்கினார். சேஸ் என்பது இரும்புச் சட்டம். எழுத்துகளைச் சுற்றி மரக்கட்டைகளை அடுக்கி, குவாயின் என்கிற இறுக்கியை முறுக்கினால் அத்தனை ஈயத் துண்டும் ஒரே பாளமாக இறுகிக்கொள்ளும். முடுக்கிய பிறகு அப்பா கடைசியாக ஒரு புரூஃப் எடுப்பார். கை ரோலரால் மை தடவி, ஈரத் தாளைப் பரப்பி, துணி சுற்றிய கட்டையை மேலே வைத்து மரச் சுத்தியலால் பொத்துப் பொத்தென்று தட்டுவார். முடுக்கும்போது ஓரத்தில் ஏதாவது எழுத்து விழுந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் இது என்று அண்ணன் நினைத்திருந்தார். அப்பாவுக்கு இன்னொரு காரணம் இருந்தது. இந்தப் புரூஃபை அவர் வாக்குத் தாளோடு ஒப்பிடமாட்டார். “தாள்ல இருக்கிறது நம்ம கையில வந்திருக்கான்னு நேத்தே பாத்தாச்சு. தாளே தப்பா இருந்தா அதைத் தாளை வச்சு எப்படிப் பிடிக்கிறது?” என்பார்.

அதற்கு அவர் வைத்திருந்த கருவி சுவரில் தொங்கிய தினசரி காலண்டர். ஒவ்வொரு பத்திரிகைக்கும் அந்தத் தேதிக்குரிய தாளைப் புரட்டி எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். வருஷத்தின் பெயரில்தான் அதிகமாகத் தப்பு வரும். போன வருஷ மேட்டரைப் பிரிக்காமல் கட்டி வைத்திருந்து பெயர்களை மட்டும் மாற்றும்போது, பவ வருஷத்துக் கல்யாணத்தில் ஸ்ரீமுக வருஷம் அப்படியே நின்றுவிடும். ஆனால் அன்றைக்கு வருஷம் சரியாகத்தான் இருந்தது. அப்பாவின் விரல் அடுத்த வரிக்குப் போய் அங்கேயே நின்றது.

“பவ வருஷம் ஆவணி மாதம் 22ஆம் தேதி (8.9.1994) புதன்கிழமை வளர்பிறை திருதியை திதியும் அஸ்த நட்சத்திரமும் கூடிய சுபயோக சுபதினத்தில் காலை 4.45 மணிக்கு மேல் 6.00 மணிக்குள் சிம்ம லக்னத்தில்…”

காலண்டரில் செப்டம்பர் 8 வியாழக்கிழமை. ஆவணி 23.

நான் ஓடிப்போய் வாக்குத் தாளை எடுத்தேன். அதிலும் 22, 8, புதன் என்றுதான் இருந்தது. எங்கள் கையில் எதுவும் தப்பவில்லை. அண்ணன் எட்டிப் பார்த்தார். அவருக்கு உடனே வழி தெரிந்துவிட்டது.

“ஆவணி 22ம் புதனும் ஒத்துப்போகுது அண்ணாச்சி. இந்த 8 மட்டும்தான் தனியா நிக்குது. எடுத்துட்டு 7 போட்டா முடிஞ்சது. ஒரு எழுத்து வேலை.”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஒரு வரியில் தேதி பல விதமாகச் சொல்லப்படுவதே ஒன்றுக்கொன்று சாட்சியாக இருக்கத்தான். இரண்டு சாட்சி ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம் என்றால் இரண்டைத்தானே நம்புவோம்? செப்டம்பர் 7 புதன், ஆவணி 22. காலண்டரில் கச்சிதமாகப் பொருந்துகிறது. பெரும்பாலான அச்சாபீஸில் அந்த 7 அன்றைக்கே ஏறியிருக்கும், கல்யாண வீடும் எதுவும் சொல்லியிருக்காது. இடுக்கியைக்கூட அண்ணன் கையில் எடுத்துவிட்டார்.

அப்பா புதன்கிழமைத் தாளையும் வியாழக்கிழமைத் தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். புதனுக்கு, பகலெல்லாம் துவிதியை. சாயந்திரத்துக்கு மேல்தான் திருதியை. “புதங்கிழமை விடியக்காலம் நாலே முக்காலுக்குத் துவிதியைல்லா? இவங்க திருதியைன்னு போட்டிருக்காங்களே” என்றார். “வியாழன் விடியக்காலம்னா திருதியை சரியா வருது. அப்போ 8 தனியா இல்ல. ரெண்டுக்கு ரெண்டு.”

அண்ணன் இடுக்கியைக் கீழே வைத்தார்.

அப்பாவுக்கு அந்த 4.45 உறுத்திக்கொண்டிருந்தது. ஆவணியில் சூரியன் சிம்ம ராசியில் இருக்கும். அதனால் அந்த மாதத்தில் சூரியன் உதிக்கும் நேரத்தில் ஓடுவது சிம்ம லக்னம்தான். மாதம் பிறந்ததும் உதயத்துக்குப் பிறகும் ரொம்ப நேரம் இருக்கும். நாளாக ஆக லக்னத்தின் பெரும்பகுதி உதயத்துக்கு முன்னாலேயே கழிந்துவிடும். இருபது தேதிக்கு மேல் சிம்ம லக்னத்தில் தாலி கட்டுவது என்றால் அநேகமாக இருட்டோடுதான். எங்கள் பக்கம் அப்போது சூரிய உதயம் ஆறு மணி பத்து நிமிஷ வாக்கில். ஆக முகூர்த்தம் முழுக்க உதயத்துக்கு முன்னால் வருகிறது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இங்கிலீஷ் தேதி நடுராத்திரி பன்னிரண்டுக்கு மாறுகிறது. பஞ்சாங்கத்துக்கு அப்படி இல்லை. அதற்கு நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து மறு உதயம் வரைக்கும். நடுராத்திரிக்கும் உதயத்துக்கும் இடைப்பட்ட அந்த ஆறு மணி நேரத்தில் மட்டும் சுவர்க் கடிகாரம் ஒரு கிழமையைச் சொல்லும், பஞ்சாங்கம் அதற்கு முந்தின கிழமையைச் சொல்லும். ஒன்பது மணி முகூர்த்தத்துக்கு இந்த வம்பே கிடையாது.

“ஜோசியர் சீட்டைப் பாக்காம இதைத் தொடக்கூடாது” என்று அப்பா சைக்கிளை எடுத்தார். நேரம் பத்தைத் தாண்டியிருக்கும். டைனமோ லைட் மிதித்தால்தான் எரியும், மேட்டில் அணைந்துபோகும். அதனால் டார்ச் பிடிக்க நான் கேரியரில். ஈரப் புரூஃபை மடிக்காமல் ஓர் அட்டையில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனேன்.

பெண் வீட்டில் எல்லோரும் முற்றத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்கள். அச்சாபீஸ்காரர் ராத்திரியில் வருகிறார் என்றால் நல்ல சேதியாகவா இருக்கும்? பெண்ணின் அப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார். தாய்மாமன் உள்ளேயிருந்து வந்தார்.

அப்பா யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. புரூஃபையும் காலண்டர் தாளையும் திண்ணையில் பரப்பி, “ஜோசியர் எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தா ஒரு தடவை காட்டுங்க” என்று மட்டும் கேட்டார்.

தாய்மாமனுக்குச் சுருக்கென்றது. “அதைப் பாத்துத்தானே நான் எழுதிக் குடுத்தேன் அண்ணாச்சி? ஜோசியர் புதன்னு எழுதியிருக்காரு. நீங்க அதை மாத்துவீங்களா?”

“மாத்த வரல தம்பி. பாக்கத்தான் வந்தேன்.”

சீட்டு சாமி அலமாரியில் இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். அதில் மணிக்கணக்கே இல்லை. ‘பவ வருஷம் ஆவணி மீ 22 உ புதவாரம், உதயாதி நாழிகை 56½க்கு மேல் 59½க்குள், திருதியை, அஸ்தம், சிம்ம லக்னம்’ என்று இருந்தது. மணியை யாரோ பென்சிலால் பக்கத்தில் குறித்திருந்தார்கள்.

உதயாதி என்றால் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது. ஒரு நாளைக்கு அறுபது நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம். அப்பா கணக்குப் போடவே இல்லை. “அறுபது நாழிகைன்னா மறுநாள் பொழுது கிளம்பிருச்சு. அதுக்கு அரை நாழிகை முன்னாடி முகூர்த்தம் முடியுது. அப்போ இது புதங்கிழமையோட வால்” என்றார். தாய்மாமன் விடவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, காலண்டர் தாளின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தார். 56½ நாழிகை என்றால் 1,356 நிமிஷம், இருபத்திரண்டரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. புதன் காலை ஆறு பத்தோடு அதைக் கூட்டினால் வியாழன் அதிகாலை நாலே முக்கால். இரண்டாவது தடவையும் பெருக்கினார். அதேதான் வந்தது.

அப்படியானால் 8.9.94 எங்கேயிருந்து வந்தது? மாப்பிள்ளை வீட்டார் எழுதிய இன்லண்டு லெட்டரிலிருந்து. ‘8ந் தேதி அதிகாலை முகூர்த்தம், 7ந் தேதி சாயந்திரமே வேனில் வந்துவிடுகிறோம்’ என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். தாய்மாமன் தமிழ்த் தேதியையும் கிழமையையும் சீட்டிலிருந்து எடுத்தார், இங்கிலீஷ் தேதியை லெட்டரிலிருந்து எடுத்தார். சீட்டும் சரி, லெட்டரும் சரி. இரண்டையும் ஒரே வரியில் சேர்த்ததும்தான் அந்த வரி பொய்யாகிவிட்டது.

கட்டிலில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்த ஆச்சி அப்போதுதான் வாய் திறந்தாள். “இதுக்கா இம்புட்டுப் பெருக்கலு? கோழி கூப்பிடுற நேரத்து முகூர்த்தம்னு நான்தான் அன்னைக்கே சொன்னம்லா. புதங்கிழமை ராச்சோறு தின்னு படுத்து எந்திரிச்சாத் தாலி. புதன் ராத்திரி விடிஞ்சா வியாழன். யாரு எங்கிட்டக் கேட்டா?”

பெண்ணின் அப்பாவுக்கு அதற்குப் பிறகுதான் வேர்த்தது. சமையல்காரருக்கும் பாத்திரக் கடைக்கும் ‘புதன்கிழமை கல்யாணம்’ என்று தாய்மாமன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர்கள் செவ்வாய் சாயந்திரமே அடுப்பு மூட்ட வந்து நின்றிருப்பார்கள். பத்திரிகையில் 7 என்று அச்சாகியிருந்தால் மெட்ராஸிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வருகிற சனம் புதன் விடியக்காலையில் வந்து இறங்கியிருக்கும். மாப்பிள்ளை வேன் அன்று சாயந்திரம்தான் புறப்படும். “அதுவும் அந்த நேரம் பஞ்சாங்கத்துக்குச் செவ்வாக்கிழமை ராத்திரி” என்றாள் ஆச்சி. செவ்வாயில் கல்யாணம் வைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. இதைச் சொன்னதும் முற்றமே கப்சிப்.

சரி, எப்படி அச்சடிப்பது? இதில் ஒரு வாக்குவாதம் வந்தது. ஜோசியர் எழுதிய ஆவணி 22, புதன் என்பதை மாற்றக்கூடாது, அது நல்ல வாக்கு என்றார் பெண்ணின் அப்பா. வேண்டுமானால் 8ஐ அடித்துவிட்டு இங்கிலீஷ் தேதியே போடாமல் விட்டுவிடலாம் என்றார். அப்பா இதற்குமட்டும் பிடிகொடுக்கவில்லை.

“சீட்டு ஐயருக்கு. அதை அப்படியே வச்சுக்கிடுங்க, அதுல கை வைக்க வேண்டாம். பத்திரிகை பஸ் ஏறி வர்றவனுக்கு. அவன் கடிகாரத்தைப் பாத்துத்தான் பஸ் ஏறுவான். 23, 8, வியாழன்னு போட்டாத்தான் அவன் வந்து சேருவான்.”

அதோடு இரண்டு காரியம் செய்யச் சொன்னார். ‘காலை’ என்பதை ‘அதிகாலை’ ஆக்குவது ஒன்று. அடியில், ‘முதல் நாள் 7.9.1994 புதன்கிழமை மாலை 6 மணிக்கு மாப்பிள்ளை அழைப்பு’ என்று தனி வரி சேர்ப்பது இன்னொன்று. அந்த வரி வந்துவிட்டால் எட்டாம் தேதியை ஒருவன் தப்பாக எடுத்துக்கொள்ள வழியே இல்லை. அப்பா அடித்த அதிகாலை முகூர்த்தப் பத்திரிகைகள் எல்லாவற்றிலும் அதற்குப் பிறகு அந்த வரி இருந்தது. அழைப்பு இல்லாத வீடு என்றால் ‘முதல் நாள் இரவு விருந்து’ என்றாவது கேட்டு வாங்கிப் போடுவார்.

திரும்பி வரும்போது பதினொன்றரை. அண்ணன் தூங்காமல் குவாயினைத் தளர்த்தி வைத்திருந்தார். 22ஐ 23 ஆக்குவது சுலபம், இடுக்கியால் ஒரு 2ஐத் தூக்கிவிட்டு 3ஐ இறக்கினால் போதும். புதனை வியாழன் ஆக்குவதுதான் பாடு. ‘புதன்’ மூன்று எழுத்து, ‘வியாழக்’ அதைவிட நீளம். ஈய எழுத்தில் வரி என்பது ரப்பர் இல்லை. இந்தக் கட்டைக்கும் அந்தக் கட்டைக்கும் நடுவே உள்ள இடம் உள்ள இடம்தான். அண்ணன் வார்த்தைகளுக்கு நடுவிலிருந்த தடித்த ஸ்பேஸை எல்லாம் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மெல்லியதைச் செருகிக்கொண்டே வந்தார். அப்படியும் ‘அதிகாலை’ இடிக்கிறது. கடைசியில் ‘சுபயோக சுபதினத்தில்’ என்பதை அடுத்த வரிக்குத் தள்ளி, அந்த வரியைத் திறந்து, அதற்குக் கீழே உள்ளதையும் திறந்து, மூன்று வரியைப் புதிதாகக் கட்டினார்.

அதற்குள் இன்னொரு தொல்லை. புதிய வரிக்கு மூன்று 9 கூடுதலாக வேண்டும். அந்த வருஷம் எல்லாப் பத்திரிகையிலும் 1994, ஆவணிக் கல்யாணம் பலவற்றிலும் ஒன்பதாம் மாதம். கேஸில் 9 வைக்கும் குழி காலி. பிரிக்காமல் கிடந்த ஒரு நோட்டீஸ் மேட்டரிலிருந்து இரண்டு கிடைத்தன. இன்னொன்றுக்கு 6ஐத் தலைகீழாகத் திருப்பி வைத்தார் அண்ணன். உற்றுப் பார்த்தால் மற்ற எழுத்துகளைவிட ஒரு மயிரிழை ஏறி நிற்கும். நான் மட்டும்தான் அதை உற்றுப் பார்த்திருப்பேன்.

மறுபடியும் மை, ஈரத்தாள், சுத்தியல். இந்தத் தடவை நான் காலண்டர் தாளை வாசித்தேன். அப்பா புரூஃபைப் பார்த்தார். திருத்தப் போன இடத்தில்தான் அடுத்த தப்பு உட்காரும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் திருத்திய மூன்று வரியோடு அதற்கு மேலும் கீழும் இருந்தவற்றையும் எழுத்து எழுத்தாகப் பார்த்தார். கீழ் வரியில் ‘இல்லத்தில்’ என்பதில் ஒரு ‘ல்’ கவிழ்ந்திருந்தது.

ஆனாலும் மிஷினில் ஏற்றவில்லை. திருத்தியது தான் என்பதால், தன் கையெழுத்து அதில் செல்லாது என்பார். அறுநூறு அட்டையையும் பெண் வீட்டார் பணம் கொடுத்து வாங்கியாயிற்று. அதே மயில் அட்டை திரும்ப சிவகாசியில் கிடைக்குமா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. காலை ஆறு மணிக்குத் தாய்மாமன் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் ஏற்றுவது என்று பேச்சு.

ஐந்தே முக்காலுக்கே வந்துவிட்டார். வரும் வழியில் சமையல்காரரை எழுப்பி நாளைச் சரிசெய்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். ராத்திரி கோபத்தின் சாயல் முகத்தில் இல்லை. அப்பா புரூஃபை நீட்டி, தேதி வரியில் விரலை வைத்து, “இதை மட்டும் வாய்விட்டுப் படிங்க தம்பி” என்றார். படித்தார். மாப்பிள்ளை அழைப்பு வரியையும் படித்தார். தலையை ஆட்டினார். பிறகு விரலைத் தள்ளிவிட்டு நேராகக் கீழே, தன் பெயருக்குப் போனார்.

“அண்ணாச்சி, பி-க்கு அப்புறம் புள்ளி இருக்கு. ஏ-க்கு அப்புறம் காணமே?”

அண்ணன் குவாயினைத் தளர்த்தினார்.